பூத்துக்குள் மாஸ்க்கை எப்போது கழற்றலாம்?

"எங்களுடையது சின்ன பாடி ஷாப். போன வருடம் கார்களுக்குப் பெயின்ட் அடிக்க, மேலிருந்து கீழே காற்று இறங்குகிற மூடிய அறையாக ஒரு பூத் போட்டோம். 7 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம். எங்கள் பெயின்டர் இரண்டு கேட்ரிட்ஜ் வைத்த கார்பன் மாஸ்க் போட்டுத்தான் அடிக்கிறார். கலருக்கு மேல் பளபளப்புக்காகப் போடும் கிளியரை அடித்து முடித்ததும் மாஸ்க்கை இறக்கிவிட்டுப் பளபளப்பைக் குனிந்து பார்ப்பார். 'வாசனையே இல்லை, பூத் நன்றாக இழுக்கிறது' என்பார். இரண்டு மாதமாக அவருக்கு ராத்திரியில் இருமல், நெஞ்சு இறுக்கம். நாலு நாள் லீவு போட்டால் சரியாகிவிடுகிறது. வெளியே மாஸ்கிங் பேப்பர் ஒட்டுகிற பையனோ, தனக்குப் பெயின்ட் வாசனை வருகிறது என்கிறான். எந்த கேட்ரிட்ஜ் வாங்கினால் சரியாக இருக்கும்?"

வணக்கம். கேட்ரிட்ஜுக்குப் பிறகு வருகிறேன். முதலில் பெயின்டரை டாக்டரிடம் அனுப்புங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை ஹார்டனர் கலந்த எதையும் இவரை அடிக்க விடாதீர்கள். பக்கத்தில் நிற்கவும் விடாதீர்கள். வேலை நாட்களில் ராத்திரி இருமல், லீவில் நிம்மதி என்று நீங்கள் எழுதியிருப்பது, பெயின்ட்டை இறுக வைக்கும் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனத்தால் வரும் ஆஸ்துமா பல நேரங்களில் தொடங்குகிற விதம். அடிக்கும்போதே மூச்சுத் திணறினால் எவரும் உஷாராகிவிடுவார். ஆனால் இது பல மணி நேரம் தாமதித்து, வீட்டுக்குப் போன பிறகு வரக்கூடியது. அதனால்தான் "குளிர்ந்த தண்ணீர் குடித்தேன், சளி பிடித்துவிட்டது" என்று மாதக்கணக்கில் ஓடிவிடுகிறது. டாக்டரிடம் போகும்போது வெறும் இருமல் என்று சொல்லாமல், பெயின்ட் அடிக்கிற வேலை, ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். டப்பாவோடு வந்த பாதுகாப்புத் தகவல் தாளையும் கையில் கொடுத்தனுப்புங்கள். எந்தெந்தத் தேதியில் கிளியர் அடித்தார், எந்த ராத்திரியில் இருமினார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. மூச்சை வேகமாக ஊதி அளக்கும் சின்னக் கருவியைக் கொடுத்து, வேலை நாள், லீவு நாள் இரண்டிலும் தினம் பலமுறை ஊதிக் குறித்து வரும்படி டாக்டர் கேட்கலாம்.

இவ்வளவு அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. இது தூசி மாதிரி, குறைத்தால் குறையும் தொந்தரவு அல்ல. உடம்பு ஒருமுறை ஐசோசயனேட்டை எதிரியாகப் பதிந்துகொண்டுவிட்டால், அதற்குப் பிறகு மிகமிகக் கொஞ்சம் போனாலே மூச்சுக்குழாய் இறுகிக்கொள்ளும். மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத அளவுகூட இவருக்கு ஆபத்தாகலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து விலகியவர்களில் பலர் தேறிவிடுகிறார்கள். சமாளித்துக்கொண்டே வருடக்கணக்கில் அடித்தவர்களுக்கு, வேலையை விட்ட பின்னும் ஆஸ்துமா தங்கிவிடுவதுண்டு.

இனி அந்த "வாசனையே இல்லை" என்ற பேச்சு. பூத்தில் நீங்கள் முகர்வதெல்லாம் தின்னரின் வாசனை, அதாவது ப்யூட்டைல் அசிட்டேட், சைலீன் போன்ற கரைப்பான்கள். கார் கிளியருக்கான ஹார்டனரில் பெரும்பாலும் இருப்பது ஹெச்.டி.ஐ. என்ற ஐசோசயனேட். அதன் சிறு மூலக்கூறுகளை மூன்று மூன்றாகக் கோத்துப் பெரிதாக்கித்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். கோக்கப்படாமல் மிஞ்சும் சிறு மூலக்கூறு கொஞ்சம்தான். பெரிதாகக் கோத்தது ஆவியாகாது, அதனால் திறந்த டப்பாவிலிருந்து மூக்குக்கு வந்து சேராது. ஆனால் ஸ்ப்ரே கன்னில் போட்டுத் தூவும்போது, காரில் ஒட்டாமல் தெறிக்கும் நுண்துளிகள் ஒவ்வொன்றிலும் அது முழுதாக இருக்கிறது. துளியோடு சேர்ந்து நுரையீரலுக்குப் போகிறது. ஆக, வாசனை பலமாக இருந்தும் ஐசோசயனேட் குறைவாக இருக்கலாம். வாசனையே இல்லாமல் வரம்பைத் தாண்டியும் இருக்கலாம். பிரிட்டனில் வைத்திருக்கும் வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 8 மணி நேரச் சராசரியாக 0.02 மில்லிகிராம், 15 நிமிடச் சராசரியாக 0.07 மில்லிகிராம். ஐசோசயனேட்டின் வினைபுரியும் பகுதியை மட்டும் எடைபோட்டுச் சொல்லும் கணக்கு இது. இந்த அளவில் எந்த மூக்காலும் எதையும் பிடிக்க முடியாது.

இடையில் ஒன்று. "நாங்கள் தண்ணீரில் கரையும் பெயின்டுக்கு மாறிவிட்டோம், எங்களுக்கு இந்தக் கவலை இல்லை" என்று சிலர் சொல்வார்கள். தண்ணீரில் கரைவது அடியில் போகும் கலர் கோட். அதன்மேல் அடிக்கும் கிளியர் அநேகமாக எல்லாக் கடைகளிலும் ஹார்டனர் கலந்த 2கே தான். பிரைமரிலும் 2கே உண்டு.

இப்போது கேட்ரிட்ஜ். நேர்மையாகச் சொன்னால், புதிய கார்பன் கேட்ரிட்ஜும் அதோடு சேர்ந்த நல்ல துகள் ஃபில்டரும், முகத்தில் ஒழுங்காக ஒட்டியிருந்தால், அந்த நுண்துளிகளின் மூட்டமான மிஸ்ட்டின் பெரும்பகுதியை நிறுத்திவிடும். பிரச்சினை அதை நாள்தோறும் நம்புவதில் இருக்கிறது. முதலாவது, துகள் ஃபில்டர் இல்லாத வெறும் கார்பன் கேட்ரிட்ஜ் ஆவியைத்தான் பிடிக்கும், நுண்துளியைப் பிடிக்காது. உங்கள் பெயின்டர் போடுவது எந்த வகை என்று முதலில் பாருங்கள். இரண்டாவது, கார்பன் எப்போது நிரம்பியது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மற்ற வேலைகளில் வாசனை வந்ததும் மாற்றிவிடுவார்கள். இங்கே ஐசோசயனேட்டுக்கு அந்த எச்சரிக்கையே கிடையாது. மூன்றாவது, முகத்தில் ஒட்ட வேண்டிய மாஸ்க் எதுவானாலும் தாடி இருந்தால் வேலை செய்யாது. ஒரு நாள் தாடியே ஓரத்தில் இடைவெளி விட்டுவிடும். ஒட்டுகிறதா என்று அந்த ஆளின் முகத்தில், அந்த மாடல், அந்த சைஸ் மாஸ்க்கை வைத்து முறைப்படி சோதித்திருக்க வேண்டும். கடையில் வாங்கி நேராக மாட்டிக்கொள்வது சோதனை ஆகாது. நாலாவது, அரை முக மாஸ்க்கில் கண்கள் திறந்தே கிடக்கின்றன.

ஆகவே 2கே தூவுவதற்கு என் பதில் கேட்ரிட்ஜ் இல்லை. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்றைத் தரும் முக மூடிதான் வேண்டும். நெற்றியிலிருந்து தாடைக்குக் கீழே வரை மறைக்கும் கண்ணாடித் தகடு, கழுத்தைச் சுற்றி ஒரு துணி, உள்ளே ஓயாமல் காற்று. இதைக் கடைகளில் ஏர்ஃபெட் மாஸ்க் அல்லது வைசர் என்பார்கள். உள்ளே வரும் காற்று விளிம்பு வழியாக வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் மிஸ்ட் உள்ளே நுழைய முடியாது. தாடி, மூக்குக் கண்ணாடி இரண்டும் இதற்குத் தடையில்லை. வாங்கும்போது கேட்க வேண்டியது பாதுகாப்பு எண். பிரிட்டனில் இந்த வேலைக்குக் குறைந்தது 20 கேட்கிறார்கள். வெளியே இருப்பதில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே வராது என்று பொருள். அதோடு காற்று குறைந்தால் அணிந்திருப்பவருக்கே தெரிவிக்கும் அமைப்பு வைசரிலேயே இருக்க வேண்டும். விசிலோ, கண் எதிரே தெரியும் குறியோ, எதுவானாலும் சரி. சுவரில் இருக்கும் அழுத்தக் கேஜ் போதாது, குனிந்து கதவுக்குக் கீழே இருக்கும் ராக்கர் பேனலுக்கு அடிக்கும்போது அதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

வைசர் வாங்கியவர்கள் அடுத்துத் தடுக்கி விழுவது கம்ப்ரஸரில். இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய இடம். தளர்வான வைசருக்கு நிமிடத்துக்குச் சுமார் 170 லிட்டர் காற்றாவது வேண்டும். துல்லியமான அளவை அந்த மாடலின் கையேட்டில் பாருங்கள். குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று குடிக்கும் கன் ஒன்று நிமிடத்துக்கு 300, 400 லிட்டர் இழுக்கும். இரண்டும் ஒரே இடுப்புப் பட்டையில் பிரிந்து போகின்றன என்று வையுங்கள். கன்னைத் தொடாமல் நின்றால் வைசரில் காற்று ஜோராக வரும். டிரிக்கரை முழுதாக அழுத்திய கணத்தில் குழாயில் அழுத்தம் விழுந்து, வைசருக்கு வருவது பாதியாகிவிடும். அதாவது மிஸ்ட் மிக அதிகமாக இருக்கும் நேரத்தில்தான் பாதுகாப்பு மிகக் குறைவாக இருக்கிறது. அதனால் சோதனையை எப்போதும் டிரிக்கரை முழுதாக அழுத்திப் பிடித்தபடி செய்யுங்கள். அதே லைனில் வேறு யாராவது சாண்டர் ஓட்டுகிற நேரத்தில் செய்தால் இன்னும் உண்மையான நிலை தெரியும். அப்போதும் குறைவுக் குறி வராமல் இருந்தால் சரி.

அளவு போதுமா என்பது ஒன்று, அந்தக் காற்று சுத்தமா என்பது வேறொன்று. கம்ப்ரஸர் எங்கிருந்து காற்றை உறிஞ்சுகிறது என்று போய்ப் பாருங்கள். பூத்தின் புகைபோக்கிக்குக் கீழேயோ, வண்டிகளை ஸ்டார்ட் செய்து நிறுத்தும் இடத்திலோ இருந்தால், பெயின்டருக்கு அதையேதான் அழுத்தி ஊட்டுகிறீர்கள். எண்ணெய் போட்ட கம்ப்ரஸர் அளவுக்கு மீறிச் சூடானால் எண்ணெயே கருகி கார்பன் மோனாக்சைடு வரும். வைசருக்கு முன்னால் வைக்கும் ஃபில்டர் தொகுதி தண்ணீரையும் எண்ணெய்த் துளியையும் பிரிக்கும், அதிலிருக்கும் கார்பன் வாசனையை எடுக்கும். கார்பன் மோனாக்சைடு அந்தக் கார்பனில் நிற்காது. அதற்கென்று தனியாக ஒரு அலாரமோ, அதை மாற்றும் வினையூக்கி ஃபில்டரோ வேண்டும். சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரம் கார்பன் மோனாக்சைடைப் பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் விடுவதில்லை, எண்ணெயைக் கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் விடுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதை அளந்து எழுதி வையுங்கள். டியூப் வைத்து அளக்கும் சாதாரணக் கிட்டே போதும்.

சரி, வைசர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பூத் என்ன செய்கிறது? பலர் நினைப்பதுபோல் அது அடிப்பவரைக் காப்பாற்றுவதில்லை. அவர் மிஸ்ட்டுக்கு நடுவே நிற்கிறார், கன் அவர் கையில் இருக்கிறது, தெறிப்பது முகத்துக்கு ஒரு கை தூரத்தில். எவ்வளவு நல்ல பூத் ஆனாலும் அந்த இடத்தில் ஐசோசயனேட் வரம்பைத் தாண்டியே இருக்கும். பூத்தின் வேலை இரண்டு. மிஸ்ட் வெளியே வராமல் பிடித்து வைப்பது ஒன்று. கன் நின்றதும் உள்ளே இருப்பதைச் சீக்கிரம் வெளியேற்றுவது மற்றொன்று. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இரண்டிலுமே சந்தேகம் வருகிறது.

முதல் சந்தேகம், அந்த மாஸ்கிங் ஒட்டும் பையன் சொன்னது. அவன் சொல்வதை நம்புங்கள். அவன் முகர்வது தின்னரைத்தான், ஆனால் தின்னர் வெளியே வரும் வழியில் மிஸ்ட்டும் வரலாம். பூத்தில் மேலே காற்றைத் தள்ளும் ஒரு ஃபேன், கீழே இழுக்கும் ஒரு ஃபேன். இழுப்பது தள்ளுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போது கதவு ஓரங்களில் காற்று உள்ளே போகுமே தவிர வெளியே வராது. பெயின்டர்களுக்கு இது பிடிக்காது. வெளியிலிருந்து தூசி உள்ளே வந்து கிளியரில் ஒட்டும் என்று பயந்து, தள்ளுவதைக் கூட்டி வைத்துவிடுவார்கள். தூசிக்கு மருந்து நல்ல கதவு ரப்பரும் சுத்தமான சீலிங் ஃபில்டரும்தான். காற்றோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் டேம்பரை யாரும் தொடாமலேயே நிலைமை தலைகீழாவதும் உண்டு. தரையில் கிராட்டிங்குக்கு அடியில் இருக்கும் பெயின்ட் பிடிக்கும் ஃபில்டர் வாராவாரம் அடைத்துக்கொண்டே போகும். இழுப்பு மெல்ல மெல்லக் குறையும், தள்ளுவது அப்படியே இருக்கும். ஒரு நாள் பூத் ஊதிய பலூனாகிவிடும்.

பார்ப்பது சுலபம். இரண்டு ஃபேனும் அடிக்கும் நிலையில் ஓடும்போது, ஆள் போகும் கதவை ஒரு விரல் அகலம் திறந்து, இடுக்கில் டிஷ்யூ பேப்பர் நாடா ஒன்றைத் தொங்கவிடுங்கள். உள்ளே சாய்ந்தால் சரி. வெளியே சாய்ந்தால் அன்றைக்கு அடிக்கக் கூடாது. தரை ஃபில்டரை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் வெளியே சாய்ந்தால் பூத் போட்டவரை வரவழைத்துக் காற்றைச் சமன் செய்ய வேண்டும். புது ஃபில்டர் போட்ட அன்று பூத்தின் அழுத்தக் கேஜ் எங்கே நிற்கிறதோ அங்கே மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள், மாற்ற வேண்டிய அளவைக் கையேட்டில் பார்த்து இன்னொரு கோடு. அதன்பின் ஃபில்டர் மாற்றும் நாளைக் கேஜ் சொல்லும், காலண்டர் அல்ல.

இரண்டாவது சந்தேகம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. முடித்ததும் மாஸ்க்கை இறக்கிப் பளபளப்பைப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கன் நின்ற அந்த நொடியில் பூத்தில் மிஸ்ட் அப்படியே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பெரிய துளிகள் சில நொடிகளில் இறங்கிவிடும். மூச்சில் ஆழமாகப் போகக்கூடிய நுண்துளிகள் சாதாரண வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. காற்று தெளிந்துவிட்டது என்று அவர் நினைக்கும் நேரத்தில் குனிந்து, புது கிளியருக்கு முகத்தை ஒட்டி வைத்து, ஆழமாக இழுக்கிறார். நாள் முழுக்கச் சரியாக மாஸ்க் போட்டிருந்தாலும், ஒவ்வொரு காருக்கும் இப்படி ஒரு நிமிடம் என்றால் அதுவே அவரை நோயாளியாக்கப் போதும்.

அப்படியானால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? உங்கள் பூத்துக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 7, 4, 2.7 மூன்றையும் பெருக்கினால் 75.6 கன மீட்டர். சீலிங் பரப்பு 28 சதுர மீட்டர். காற்று நொடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் சீராக இறங்கினால், நொடிக்கு 8.4 கன மீட்டர். ஆக 9 நொடிக்கு ஒருமுறை பூத்தின் காற்று முழுக்க மாறுகிறது. காற்று கலங்கிக் கலந்து போகும் என்று வைத்துக்கொண்டாலும், மிஸ்ட் நூற்றில் ஒன்றாகக் குறைய ஏறக்குறைய 4.6 முறை மாற வேண்டும். 41, 42 நொடியில் முடிந்துவிடுகிறது. பெயின்டர் சொல்வது சரிதான் போலிருக்கிறதே என்று தோன்றும்.

இப்போது தரை ஃபில்டர் அடைத்து ஓட்டம் மூன்றில் ஒன்றாகிவிட்டது என்று வையுங்கள். காற்று மாற 27 நொடி, நூற்றில் ஒன்றாக 2 நிமிடம் 4 நொடி. இதுவும் காற்று எல்லா மூலையிலும் ஒரே மாதிரி ஓடுகிறது என்ற நல்லெண்ணத்தில் போட்ட கணக்கு. நிஜத்தில் நடுவே ஒரு கார் நிற்கிறது. அதன் பக்கவாட்டில், பம்பருக்கு முன்னால், பூத்தின் மூலைகளில் காற்று சுழன்றுகொண்டே நிற்கும். பெயின்டர் குனிந்து பார்ப்பது அந்த இடங்களில்தான். அதனால் கணக்கு ஒரு குறிப்புத்தான், பூத்தைக் கேட்டுத்தான் பதில் வாங்க வேண்டும். பூத் இல்லாமல், சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் வைத்து அறையில் அடிப்பவர்களுக்கு இதே கணக்கு பயமுறுத்தும். 150 கன மீட்டர் அறை, மணிக்கு 3,000 கன மீட்டர் இழுக்கும் ஃபேன் என்றால் ஒரு மாற்றத்துக்கே 3 நிமிடம். நூற்றில் ஒன்றாக 14 நிமிடம், மூலைகளில் அதற்கும் மேல்.

பூத்தைக் கேட்பதற்குப் புகைச் சோதனை என்று பெயர். மேடை நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தும் புகை இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். வழக்கமாக நிறுத்தும் இடத்தில் ஒரு காரை நிறுத்துங்கள். தீ அலாரம் இருந்தால் சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஃபேன்களை நிறுத்தி, பூத் முழுக்க, எதிர்ச் சுவர் தெரியாத அளவுக்குப் புகையை நிரப்புங்கள். பிறகு அடிக்கும் நிலையில் ஃபேன்களைப் போட்டு, அதே நொடியில் கடிகாரத்தைத் தொடங்குங்கள். ஆட்கள் வெளியே நின்று, ஜன்னல் வழியாக, பலமான டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். பொதுவாகத் தெளிந்தவுடன் கடிகாரத்தை நிறுத்திவிடாதீர்கள். ஏதோ ஒரு மூலையில் கடைசிப் புகைத் துண்டு சுற்றிக்கொண்டிருக்கும், அது போகும்வரை ஓடட்டும். அதே நேரத்தில் இன்னொருவர் வெளியே சுற்றி வந்து, கதவு ஓரம், விளக்குப் பெட்டி, பேனல் இணைப்பு எங்காவது புகை கசிகிறதா என்று பார்க்கட்டும். கூரைப் புகைபோக்கியிலிருந்து வருவது கம்ப்ரஸர் பக்கமோ, உள்ளே காற்றெடுக்கும் வாய்ப் பக்கமோ திரும்புகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

உதாரணமாக 3 நிமிடம் 20 நொடி ஆனது என்றால், "கன் நின்ற பின் 4 நிமிடம் வைசர் கழற்றக் கூடாது" என்று கதவின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். நல்ல பூத்துகள் 5 நிமிடத்துக்குள் தெளிந்துவிடும். அதற்கு மேல் போனால் ஃபில்டர், ஃபேன் பெல்ட், டேம்பர் மூன்றையும் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறையும், ஃபேனிலோ டக்ட்டிலோ கை வைத்த ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

புகைச் சோதனையில் ஒரு பொறி உண்டு. மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்காக, டிரிக்கரை விட்ட சற்று நேரத்தில் ஃபேன் வேகத்தைத் தானாகக் குறைக்கும் வசதி பல புதிய பூத்துகளில் இருக்கிறது. முழு வேகத்தில் சோதித்து 4 நிமிடம் என்று எழுதி ஒட்டியிருப்பீர்கள். நிஜத்தில் கன் நின்றதும் வேகம் பாதியாகி, தெளிய இரட்டிப்பு நேரம் ஆகும். உங்களுடையதில் அது இருந்தால், தெளியும் நேரம் முடிந்த பிறகே வேகம் குறையும்படி அமைக்கச் சொல்லுங்கள். பெயின்ட்டைச் சூட்டில் காய வைக்கும் பேக்கிங்குக்கு மாறும்போதும் இதே கதைதான். அப்போது பெரும்பாலான காற்று வெளியே போகாமல் உள்ளேயே சுற்றும், அதனால் பூத் தெளிவதற்கு முன் அந்த சுவிட்சைத் தொடக் கூடாது. ஃபேன் ஓடாவிட்டால் கன்னுக்குக் காற்றே போகாதபடி ஒரு வால்வு வைத்துவிட்டால், மறதிக்கும் இடமில்லை.

எழுதி ஒட்டினால் மட்டும் பெயின்டர் கேட்டுவிட மாட்டார். அவர் ஏன் மாஸ்க்கை இறக்குகிறார் என்று பாருங்கள். சோம்பலோ திமிரோ இல்லை, கண் தெரியவில்லை, அவ்வளவுதான். வைசர் வந்த பிறகும் இந்தப் பழக்கம் தொடரும், ஏனென்றால் அதன் தகட்டில் மிஸ்ட் படிந்து பத்து நிமிடத்தில் மங்கிவிடும். மேலே ஒட்டிப் பிய்த்துப் போடும் மெல்லிய படலங்கள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். அவற்றைப் பூட்டி வைக்காமல் பூத் வாசலில் வையுங்கள். காரின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போதவில்லை என்றால், வெடிப்பு ஆபத்துள்ள இடத்துக்கென்று தயாரித்த விளக்குகளைப் பக்கவாட்டில் தாழ்வாகப் போடுங்கள். காற்றுக் குழாய் மாட்டும் இடத்தை ஆள் போகும் கதவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். நடுவில் வெளியே வர வேண்டியிருந்தால் கதவுவரை வைசரில் காற்று இருக்கும், கழற்றிய அடுத்த அடி வெளியே.

கன் கழுவுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மீதமிருக்கும் கலவையைக் காற்றில் பீய்ச்சிக் காலி செய்வது பூத்துக்கு வெளியே ஒரு சின்ன பெயின்டிங் வேலையையே செய்வதற்குச் சமம். மூடிய கன் வாஷரில், அதன் இழுப்பு ஓடும்போது கழுவ வேண்டும். கலக்கும்போதும் கழுவும்போதும் நைட்ரைல் கையுறை போடுங்கள், ஹார்டனர் பட்டதும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுங்கள். தோல் வழியாகவும் உடம்பு ஐசோசயனேட்டை எதிரியாகப் பதிந்துகொள்ளக்கூடும் என்பதற்கு ஆதாரங்கள் இருக்கின்றன. உங்களிடம் இருக்கும் கார்பன் மாஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம், துகள் ஃபில்டரும் சேர்ந்திருந்தால், பெயின்ட் கலக்கும் மேஜைக்கு அது உதவும்.

இதையெல்லாம் செய்த பிறகு பலித்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, அது சிறுநீர்ப் பரிசோதனை. உள்ளே போன ஹெச்.டி.ஐ. உடம்பில் மாறி, ஹெக்ஸாமெத்திலின் டையமீன் என்ற பொருளாகச் சிறுநீரில் வரும். சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடும் என்பதால், காலையில் வெறும் வயிற்றில் கொடுக்கும் வழக்கமான சாம்பிள் இதற்கு உதவாது. அடித்து முடித்து வைசரைக் கழற்றியதும், கையை நன்றாகக் கழுவிவிட்டு, உடனே கொடுக்க வேண்டும். இந்தப் பரிசோதனை செய்யும் ஆய்வகமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டிலையும் அனுப்பும் முறையையும் அவர்களே சொல்வார்கள். அடிக்கிற எல்லோருக்கும், அந்த மாஸ்கிங் ஒட்டும் பையனுக்கும் சேர்த்து எடுங்கள். பெயின்டரிடம் மட்டும் வந்தால், வைசர் ஓட்டத்தையும் கழற்றும் நேரத்தையும் திரும்பப் பாருங்கள். பையனிடமும் வந்தால், பூத் இன்னும் வெளியே கசிகிறது, டிஷ்யூ பேப்பரோடு கதவுக்கே மறுபடி போங்கள்.